ஆறில் மூன்று

சலவைக்கடைச் சீட்டில் நாம் படிப்பது ஒரே ஒரு வரிதான்: என்னைக்குத் தருவாங்க? மற்றதையெல்லாம் மடித்து பர்ஸில் வைத்துவிடுவோம். எண், துணிகளின் பட்டியல், ஓரத்தில் கிறுக்கிய எழுத்துகள், கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். துணி தொலைந்தாலோ கறையோடு திரும்பி வந்தாலோதான் அந்தச் சீட்டை வெளியே எடுத்து, முதல்முறையாக ஒரு ஆவணம் மாதிரி வாசிக்கிறோம். அப்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, யார் எழுதியது என்பது முக்கியமாகிவிடும்.

திருவண்ணாமலையில் எங்கள் தெருமுனையில் ஒரு சலவைக்கடை இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியபின் அந்தக் கடையில் பில் போட ஒரு சின்ன மென்பொருள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டுமே என்று சில வாரங்கள் மாலையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கடைக்கார அண்ணன் பத்தாவதுவரை படித்தவர். அவர் கையால் எழுதி வைத்திருந்த முறையில் நான் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குறி

பழைய வேட்டி, துண்டு எதையாவது வீட்டுப் பரணிலிருந்து எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்ன அடையாளம் இருக்கலாம். இரண்டு கோடு, ஒரு புள்ளி. அல்லது ஒரு பெருக்கல் குறியும் பக்கத்தில் மூன்று புள்ளிகளும். துணி நைந்து கிழிந்தாலும் அந்தக் கறுப்பு போயிருக்காது. இதுதான் ஊரில் வண்ணான் குறி என்று சொல்லப்பட்டது. ஆங்கிலேயர்கள் டோபி மார்க் என்றார்கள்.

அது மையால் போட்டதில்லை. சேங்கொட்டை என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமே, அதன் தோலில் ஊறும் சாறு. கொட்டையில் ஊசியைக் குத்தி, அந்த ஊசி முனையாலேயே துணியில் குறி வைத்து, மேலே கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவுவார்கள். சாறு கறுத்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கரையாது. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவிப் பானையில் ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைத்து, காலையில் கல்லில் அடித்துத் துவைக்கும் முறையில் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் அப்படி ஒரு மைதான் வேண்டும். தாவரவியலில் அந்த மரத்தின் பெயர் செமெகார்ப்பஸ் அனகார்டியம். செமெகார்ப்பஸ் என்றால் குறி போடும் பழம் என்று பொருள். சலவைத் தொழிலாளர்களின் வேலையிலிருந்துதான் மரத்துக்கே பெயர் வந்திருக்கிறது.

அந்தச் சாறுக்கு ஒரு விலையும் இருந்தது. சேங்கொட்டை, முந்திரி, மாமரம் எல்லாம் ஒரே குடும்பம். தோலைப் பொத்துப்போகச் செய்யும் எண்ணெய்கள் உள்ள குடும்பம். சிலருக்குக் குறி படும் இடத்தில், பிடரியிலோ இடுப்பிலோ, சரியாக அந்தக் குறி அளவுக்குக் கொப்புளம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் படைவீரர்களுக்கு இப்படி வந்து, ராணுவ மருத்துவர்கள் அதைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். துணியை உடுத்தியவருக்கே அந்த நிலை என்றால், நாள் முழுக்கக் கொட்டையைக் கையில் வைத்துக் குத்தியவர் விரல் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

குறியின் வேலை ஒன்றே ஒன்று: இந்தத் துணி எந்த வீட்டுடையது. ஒரு வீட்டுக்கு ஒரு குறி, அது மாறாது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை எத்தனை துணி வந்தது, எப்போது வந்தது, எந்த நிலையில் வந்தது என்று குறியால் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு வேறொரு இடத்தில் இருந்தது. துணி போடும் வீட்டில், ஒரு நோட்டில். வேட்டி 4, சேலை 3, போர்வை 1 என்று வீட்டுக்காரர் எழுதி வைத்துக்கொள்வார். திரும்பி வரும்போது எண்ணிப் பார்த்து டிக் அடிப்பார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அடையாளம் துவைப்பவர் கையில். கணக்கு உடுத்துபவர் கையில். ஒரு துணி குறைந்தால் நோட்டு சொல்வதுதான் உண்மை. நோட்டில் தப்பாக எழுதியிருக்கலாம், துணி வீட்டிலேயே கொடியில் தொங்கலாம், ஆனால் எதிர்த்துக் காட்டத் துவைத்தவரிடம் எந்தக் காகிதமும் கிடையாது. கூலி அறுவடையின்போது நெல்லாகவும் அன்றாடம் வீட்டு வாசலில் சோறாகவும் வந்த காலத்தில், ஒரு சாதிக்கு என்று விதிக்கப்பட்ட வேலையில், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு நோட்டை யார் எதிர்ப்பது? அண்ணனின் அம்மா இன்னும் சாயங்காலம் கடைக்கு வந்து உட்காருவார். அவர் சொன்னது: "காணோம்னு சொன்னா காணோம்தான் தம்பி. நாங்க துவைக்கிறவங்கதானே, எழுதுறவங்க இல்லியே."

எண்

இப்போது கடையில் போடும் டேக் வேறு சாதனம். அது வீட்டைச் சொல்வதில்லை. இந்த வருகையைச் சொல்கிறது. தண்ணீரில் நைந்துபோகாத தாளில் வெட்டிய சின்னப் பட்டை. அதில் அழியாத மார்க்கரால் எழுதுவது இவ்வளவுதான்:

417 – 3/6

417 பில் எண். இது அந்த பில்லின் மூன்றாவது துணி. மொத்தம் ஆறு. பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறு எதற்கு என்று யோசியுங்கள். பில் எண் மட்டும் போதாதா, துணி எண்ணிக்கை பில்லிலேயே இருக்கிறதே?

ஒரு வீட்டுத் துணியைத் தனியாகத் துவைத்தால் டேக்கே தேவையில்லை. மூட்டையாக வந்தது மூட்டையாகப் போகும். ஆனால் கடையில் துணி வீடுவாரியாகத் துவைக்கப்படுவதில்லை. வெள்ளைப் பருத்தி ஒரு கூடை, நிறத்துணி ஒரு கூடை, சாயம் போகும் என்று சந்தேகப்படுவது ஒரு கூடை, பட்டு தனி. நான் உட்கார்ந்திருந்த ஒரு நாளில் நாற்பது பில்லுக்கு இருநூற்றுச் சொச்சம் துணி வந்தது. அன்று ராத்திரிக்குள் அந்த நாற்பது குடும்பங்களும் நாலு கூடைகளாகக் கலைந்துபோயின. சலவை என்பது பாதி வேலை. கலைந்ததைத் திரும்பச் சேர்ப்பது மீதி. இஸ்திரி முடிந்த துணி ஒவ்வொன்றாக வந்து, பில் எண் போட்ட தட்டில் விழுகிறது. அங்கே நிற்கும் பையனுக்கு பில் புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை. எந்த ஒரு துணியை எடுத்தாலும் அதுவே சொல்லிவிடுகிறது: எனக்கு இன்னும் ஐந்து பேர் வர வேண்டும். தட்டில் ஐந்துதான் இருக்கிறது என்றால் பொட்டலம் கட்டக் கூடாது. எது வரவில்லை என்பதும் தெரியும். 1, 2, 3, 5, 6 இருந்தால் 4 எங்கோ நிற்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு செய்தியைத் துண்டு துண்டாக உடைத்து அனுப்பும்போது இதையேதான் செய்கிறோம். அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் துணிதான் துவைக்கிறீங்க" என்றார்.

டேக்கைக் கட்டும் இடத்துக்கும் கணக்கு இருக்கிறது. சட்டைக்கு மேலிருந்து இரண்டாவது பொத்தான் ஓட்டை. பேண்டுக்கு பெல்ட் வளையம். வேட்டிக்குக் கரை இல்லாத மூலை. சேலைக்கு உள்முனை, ஃபால்ஸ் தையலோடு சேர்த்து நூலால். ஊசி குத்தக் கூடாது. ஈரத்தில் ஊசி துருப்பிடித்தால் பழுப்பாக ஒரு புள்ளி விழும். அதற்கு வெளுப்புத்தூள் போட்டால் போகாது, இன்னும் இறுகும். ஆக்சாலிக் அமிலம்தான் அதை எடுக்கும். கொண்டுவந்த கறையைவிடக் கடையே ஒரு கறையைச் சேர்த்த மாதிரி ஆகும்.

தப்பு எங்கே நடக்கும்? பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, 1-ஐ 7 என்றும் 6-ஐ 9 என்றும் படிப்பது. அதனால் கடையில் 7-க்கு நடுவில் ஒரு கோடு, 6-க்கும் 9-க்கும் அடியில் ஒரு கோடு. இன்னொன்று, டேக் கழன்று விழுவது. மெஷினின் அடியில் ஒரு டேக் கிடைத்தால் அதைத் தூக்கிப் போடக் கூடாது. சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. அதில் மாட்ட வேண்டும். டேக் இல்லாத ஒரு வெள்ளைச் சட்டையும் ஆணியில் ஒரு டேக்கும் இருந்தால் விஷயம் முடிந்தது. இரண்டு வெள்ளைச் சட்டை, இரண்டு டேக் என்றால்தான் பில்லைத் திறக்க வேண்டும். அப்போது உதவுவது அளவோ கம்பெனிப் பெயரோ இல்லை. வாங்கும்போது எழுதிய கறை.

கறை

இந்த ஊரில் துணிக்கு வரும் கறையே தனி. பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடந்தவர்களின் வேட்டிக் கரையில் சேறு, தோளில் விபூதி, நெஞ்சில் குங்குமம், மடியில் விளக்கெண்ணெய். கார்த்திகை தீபத்துக்கு நெய். கடையின் பில்லில் துணிக்கு எதிரே ஒரு கட்டம். அதில் ஒற்றை எழுத்துகள். ம என்றால் மஞ்சள், எ எண்ணெய், து துரு, கி கிழிசல், பொ பொத்தான் இல்லை, ச சரிகை கறுப்பு. எழுத்துக்குப் பக்கத்தில் இடம்: கா என்றால் காலர், மு முந்தி, ம. என்று புள்ளி வைத்தால் மடி.

துவைப்பவருக்குச் சொல்லும் குறிப்பு இது என்றுதான் முதலில் தோன்றும். அது பாதி. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டியில் லேசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மஞ்சள் பட்டிருக்கும். சோப்பு பட்டதும் அது செக்கச் செவேலென்று ஆகும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். சுண்ணாம்பு சேர்த்தால் மஞ்சள் குங்குமமாவதும் இதனால்தான். வீட்டுக்காரர் கொடுத்தது வெள்ளை வேட்டி. அலசல் சரியில்லாமல் திரும்பி வந்தது சிவப்புத் திட்டு உள்ள வேட்டி. அவர் கண்ணுக்கு அது கடையில் ஒட்டிய வேறு துணியின் சாயம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார்.

அதனால் அண்ணன் கவுண்டரிலேயே ஒரு வேலை செய்வார். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. சிவந்தால், "அக்கா, பாருங்க, மஞ்சள் இருக்குது" என்று காட்டிவிட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் எலுமிச்சைத் துண்டால் ஒரு தொடு. சிவப்பு திரும்ப மஞ்சளாகும். பிறகுதான் ம என்று எழுதுவார். அந்த அம்மாவுக்குச் சண்டை போட ஒன்றுமில்லை. தன் கண் முன்னால் நடந்தது. மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் தானாக வெளுக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவார். வெயில் இல்லாத நாளில் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்பார்.

நெய் இன்னும் மோசம், ஏனென்றால் அது தெரியவே தெரியாது. பட்டில் விழுந்த நெய்த்துளி காய்ந்தபின் துணி நிறத்திலேயே இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும். கவனிக்காமல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சூட்டில் பழுப்பாக மாறி நிலைத்துவிடும். அப்புறம் உலர்சலவைக் கரைப்பானுக்கும் சுலபமாக அசையாது. ஆகவே எல்லாப் பட்டையும் வாங்கும்போதே டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பார்ப்பது கடையின் வழக்கம். ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் வரிசை நிற்கும். சிலர் "நம்பிக்கை இல்லியா?" என்று கோபிப்பார்கள்.

நம்பிக்கை இருந்தால் எழுத வேண்டாம் என்பது துணி கொடுப்பவரின் பார்வை. எழுதாத காலத்தில் நம்பிக்கை யார் பக்கம் இருந்தது என்பது அண்ணனின் அம்மாவுக்குத் தெரியும்.

சீட்டின் பின்பக்கம் எல்லாக் கடைகளிலும் ஒரே மாதிரி அச்சடித்திருக்கும்: சாயம் போனாலோ சுருங்கினாலோ கடை பொறுப்பல்ல, இழப்பீடு கூலியில் இத்தனை மடங்குக்கு மேல் இல்லை. இந்தப் பொடி எழுத்து ஒரு முழுக் கவசம் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒன்றை வரையறுத்து, ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைக் கேள்வி கேட்க வழி வைத்திருக்கிறது. முன்பக்கத்தில் துணிக்கு நேரே, கொடுத்தவர் முன்னிலையில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கும் அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் பின்பக்கத்துப் பத்து வரியைவிட எடை அதிகம்.

மென்பொருளில் இந்தக் கட்டத்துக்கு ஒரு பட்டியல் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பட்டியல் வைத்தால் அவசரத்தில் பையன் முதலில் இருப்பதை அமுக்குவான். கையால் எழுதும்போது துணியைப் பார்த்தே ஆக வேண்டும். அதனால் திரையில் சட்டை, வேட்டி, சேலை படங்கள் மட்டும் இருக்கின்றன. கறை இருக்கும் இடத்தை விரலால் தொட்டால்தான் எழுத்துப் போட முடியும். கறையே இல்லை என்றால் "பார்த்தேன்" என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். காலியாக விட முடியாது. காலிக் கட்டத்துக்கு இரண்டு அர்த்தம்: கறை இல்லை, அல்லது யாரும் பார்க்கவில்லை. சண்டை வருவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

தேதி

417-ஐ முழுவதுமாகச் சொல்கிறேன். 2023இல் மகாதீபம் நவம்பர் 26, ஞாயிறு. தீபத்துக்கு மறுநாள் கடை நிரம்பி வழிந்தது. செவ்வாய், 28ஆம் தேதி ஒரு குடும்பம் ஆறு துணி கொடுத்தது. இரண்டு வெள்ளை வேட்டி, ஒன்றில் மடியில் மஞ்சள். ஒரு சட்டை, காலரில் விபூதியும் வியர்வையும். ஒரு துண்டு. ஒரு சுடிதார், சாயம் சந்தேகம். ஆறாவது ஒரு பட்டுச்சேலை: முந்தியில் நெய், சரிகை ஒரு விரற்கடை கறுப்பு. அந்த அக்கா சொன்னது: "பத்தாம் தேதி வளைகாப்பு. அதுக்குக் கட்டணும்."

வாக்குத் தேதியை அண்ணன் எப்படிப் போடுகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறில் எது மெதுவோ அதன் தேதிதான் பில்லின் தேதி. வேட்டி, சட்டையெல்லாம் மூன்று நாள். மஞ்சளுக்கு வெயில் வேண்டும் என்பதால் ஐந்து. பட்டு இங்கே துவைப்பதில்லை. சென்னையில் ஒரு உலர்சலவைக் கூடத்துக்கு வேனில் போகிறது. வேன் வெள்ளிக்கிழமை போய்ச் செவ்வாய்க்கிழமை திரும்பும். வெள்ளி டிசம்பர் 1. செவ்வாய் டிசம்பர் 5. பிரித்துச் சேர்க்க ஒரு நாள். பில்லில் எழுதியது டிசம்பர் 6, புதன். பத்தாம் தேதிக்கு நாலு நாள் இடைவெளி. "நான் கேக்கிற தேதி வேற, எழுதுற தேதி வேற. அவங்க தேதியையும் எழுதி வெச்சிக்கணும்" என்று ஓரத்தில் 10 என்று எழுதி வட்டம் போட்டார்.

டேக்குகளுக்கு நிறம் உண்டு. தர வேண்டிய கிழமைக்கு ஒரு நிறம். புதன் என்றால் பச்சை. செவ்வாய் ராத்திரி கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தால் போதும். இன்னும் தட்டுக்கு வராத பச்சை எங்கெல்லாம் கிடக்கிறதோ அதெல்லாம் நாளைக்கு வரப்போகும் சண்டை.

டிசம்பர் 3ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை தொடங்கி, 4ஆம் தேதி சென்னை தண்ணீரில் நின்றது. செவ்வாய்க்கிழமை வேன் வரவில்லை. கூடத்துக்கு போன் போகவில்லை. தட்டில் 417-இன் ஐந்து துணி மடித்துத் தயாராக இருந்தது. 6/6 மட்டும் இல்லை. அண்ணன் அன்று ராத்திரியே பில் புத்தகத்தை எடுத்து, வேனில் போன பதினோரு பட்டில் ஓரத்தில் வட்டம் போட்டவற்றை மட்டும் பிரித்தார். மூன்று. மூன்று வீட்டுக்கும் அவரே போன் பண்ணினார், அவர்கள் கேட்பதற்கு முன்னால். "அக்கா, சேலை சென்னையில இருக்குது. கரண்ட் இல்லன்றாங்க. ஒம்போதாம் தேதிக்குள்ள வரலன்னா நான் சொல்றேன், வேற ஏற்பாடு பண்ணிக்குங்க." மற்ற எட்டுப் பேருக்கு மறுநாள் சொன்னார்.

வேன் சனிக்கிழமை, 9ஆம் தேதி சாயங்காலம் வந்தது. சேலையை டியூப்லைட்டுக்கு நேரே விரித்தார்கள். நெய் போயிருந்தது. சரிகைக் கறுப்பு அப்படியே இருந்தது, ஒரு விரற்கடைக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த அக்கா கறுப்பைப் பார்த்து முகம் சுருங்கினார். தன் சீட்டை எடுத்தார். 6-க்கு எதிரே "எ மு, ச மு" என்று இருந்தது. அண்ணன் தன் பிரதியைத் திறக்கவே இல்லை, திறக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பையிலிருந்த காகிதமே சொன்னது. பணம் கொடுத்துவிட்டு, "நல்லவேளை வந்துச்சு தம்பி" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணனின் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியை எண்ணி வாங்கிக்கொண்டு போவதை அவர் ஆயிரம் முறை பார்த்திருப்பார். கொடுத்தவரும் துவைத்தவரும் ஒரே கணக்கைப் படித்துவிட்டுப் பேசாமல் போவதுதான் அவருக்குப் புதிது. காலியான தட்டிலிருந்து ஆறு பச்சை டேக்கையும் பொறுக்கி, ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, குப்பைக் கூடையில் போட்டார். அவருக்கு எண்கள் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.